முகவருக்கு எழுதும் கடிதம் நிறுவனத்துக்கு எழுதும் கடிதம் அன்று

பீங்கான் தொழிலால் பெயர்பெற்ற விருத்தாசலத்தில் பட்டயம் முடித்து வெளியூர் ஆலைகளில் வேலை தேடும் இளைஞர்களிடையே, வேலைக்கு ஆள் தேடித்தரும் கன்சல்டன்சிக்கு எழுதுவதும் ஆலைக்கே எழுதுவதும் ஒன்றுதான் என்றும், நிறுவனத்துக்காக எழுதிவைத்த கடிதத்தில் பெறுநர் முகவரியை மட்டும் மாற்றி அனுப்பினால் போதும் என்றும் ஒரு கருத்து வேரூன்றியிருக்கிறது. அதன் துணைக் கருத்தாக, எவ்வளவு இடங்களுக்கு அனுப்புகிறோமோ அவ்வளவு வாய்ப்பு என்பதும், கன்சல்டன்சி என்றாலே பணம் பறிக்கும் கூட்டம் என்பதும் சேர்ந்தே சொல்லப்படுகின்றன. ஒரே மூச்சில் கன்சல்டன்சியை நம்பாதே என்றும், அதே கடிதத்தை அங்கும் அனுப்பு என்றும் அறிவுரை சொல்பவர்களுக்கு அதிலுள்ள முரண் தெரிவதில்லை. இக்கருத்துகள் யாவும், முகவர் என்பவர் யாருக்காக வேலை செய்கிறார் என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டதிலிருந்து பிறந்தவை என்பதும், அந்தப் பிழையான புரிதல் நேரடியாகப் பாதிப்பது கடிதத்தைத்தான் என்பதும் இங்கே வாதிடப்படுகின்றன.

இந்தக் கருத்து எப்படி வந்தது என்பதை முதலில் நியாயமாகப் பார்க்க வேண்டும். வேலைக்கு எழுதுவதற்குத் தமிழ்நாட்டில் இரண்டு பழக்கங்கள் நெடுங்காலமாக இருந்துவருகின்றன. ஒன்று பள்ளியில் கற்பிக்கப்படும் விண்ணப்பக் கடிதம்: அனுப்புநர், பெறுநர், பொருள், வணக்கம் என்று தொடங்கி, தங்கள் நிறுவனத்தில் பணியாற்ற ஆவலாக உள்ளேன் என்ற பணிவோடு முடியும் அமைப்பு. மற்றொன்று மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கல்விச் சான்றுகளைக் காட்டிப் பதிவுசெய்து, பதிவெண் வாங்கி, மூப்புப்படி அழைப்பு வரும் என்று காத்திருப்பது. முதலாவதில் கடிதத்தைப் படிப்பவர் வேலை கொடுப்பவரே. இரண்டாவதில் கடிதம் என்றே ஒன்று இல்லை, பதிவு மட்டும்தான் உண்டு. கன்சல்டன்சி என்ற தனியார் அமைப்பு பிற்காலத்தில் வந்தபோது, மக்கள் அதை இவ்விரண்டில் ஒன்றாகவே பார்த்தார்கள். ஆகவே அதற்குப் போகும் கடிதம் முதல் வகைக் கடிதமாகவோ, அல்லது பெயரும் தொலைபேசி எண்ணும் மட்டும் கொண்ட வெறும் பதிவாகவோ அமைந்துவிடுகிறது. கன்சல்டன்சியோ இவ்விரண்டும் அல்லாத வேறொரு அமைப்பு.

கன்சல்டன்சியின் வாடிக்கையாளர் வேலை தேடுபவர் அல்லர், நிறுவனம். ஒரு டைல்ஸ் ஆலைக்குச் சூளைப் பிரிவில் ஆள் வேண்டும் என்றால், ஆலையின் மனிதவளப் பிரிவு முகவரிடம் பணி விவரக் குறிப்பு ஒன்றைக் கொடுக்கும். பொருத்தமான ஆள் சேர்ந்தபின் முகவருக்குக் கட்டணம் தரும். இந்தியாவில் பரவலாகக் காணப்படும் கட்டணம் அந்த ஆளின் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். சேர்ந்தவர் குறிப்பிட்ட காலத்துக்குள், பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களுக்குள், விட்டுப் போய்விட்டால் கட்டணமின்றி மாற்று ஆள் தர வேண்டும் என்பதும் இத்தகைய ஒப்பந்தங்களில் வழக்கமான நிபந்தனை. கல்யாணத் தரகர் இரு வீட்டாரிடமும் கூலி வாங்கிக்கொண்டு இரு வீட்டாருக்கும் பேசுவார். உள்நாட்டு வேலைகளுக்கு ஆள் தேடும் ஒழுங்கான கன்சல்டன்சி ஒரு வீட்டாரிடம் மட்டும் வாங்கி அந்த வீட்டாருக்காகவே பேசும். இதை மறந்துவிட்டு, தன் குடும்பச் சூழ்நிலையை எடுத்துச்சொல்லி, எப்படியாவது ஒரு வேலை வாங்கித் தாருங்கள் என்று முகவரிடம் மன்றாடும் கடிதங்கள், பணம் கொடுப்பவர் கேட்ட பொருளைத் தேடிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் வேறு எதையோ பேசுகின்றன.

இதிலிருந்து எழும் முதல் முடிவு, பொதுவாகக் கவனிக்கப்படாத ஒன்று. முகவருக்கு எழுதும் கடிதம் பெரும்பாலும் நிறுவனத்தைச் சென்றடைவதே இல்லை. முகவர் அதைப் படித்து, பயோடேட்டாவிலிருந்து தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் நீக்கி, தம் நிறுவனத் தலைப்பில் அதை மறுபடி அமைத்து, மேலே ஐந்தாறு வரிகளில் தாமே ஒரு அறிமுகக் குறிப்பு எழுதி நிறுவனத்துக்கு அனுப்புவார். ஆலையின் சூளை மேலாளர் படிப்பது அந்தக் குறிப்பைத்தான். ஆகவே முகவருக்கான கடிதம் முகவர் எழுதப்போகும் இன்னொரு குறிப்புக்கான மூலப்பொருள். அந்த ஐந்து வரிகளுக்கு வேண்டிய விவரங்கள் கடிதத்தில் இருந்தால் முகவர் பத்து நிமிடத்தில் வேலையை முடித்துவிடுவார். இல்லையென்றால் அவர் விண்ணப்பதாரரைத் தொலைபேசியில் தேடிப்பிடித்துக் கேட்க வேண்டும். அடுத்த பயோடேட்டாவில் அந்த விவரங்கள் இருக்கும்போது அவர் ஏன் அழைக்கப்போகிறார்?

இரண்டாவது முடிவு, அக்கடிதம் முகவரின் கண்ணில் படும் முறையைப் பற்றியது. பெரிய கன்சல்டன்சியில் வரும் பயோடேட்டாக்கள் கணினித் தரவுத்தளத்தில் சேர்த்துவைக்கப்படுகின்றன. நௌக்ரி போன்ற வேலைவாய்ப்புத் தளங்களிலும் முகவர்கள் சொற்களை இட்டுத் தேடியே ஆட்களைக் கண்டெடுக்கிறார்கள். பீங்கான் தொழிலைப் பற்றி முகவருக்கு எதுவும் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. காலையில் வங்கிக்கு ஆள் தேடிய அவரே மாலையில் சூளைக்கு ஆள் தேடுவார். நிறுவனம் கொடுத்த குறிப்பில் உள்ள சொற்களையே அவர் தேடும் பெட்டியில் இடுகிறார். அந்தத் தேடல் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

```
("roller kiln" OR "kiln operator" OR "kiln supervisor")
AND (vitrified OR GVT OR "600x1200")
AND ("natural gas" OR Morbi)
```

தேடும் கணினி சொல்லைத்தான் பார்க்கும், பொருளைப் பார்க்காது. டைல்ஸ் தொழிற்சாலையில் நான்கு ஆண்டு அனுபவம் என்று மட்டும் எழுதியவர், ரோலர் கில்ன் முன்னால் நான்கு ஆண்டுகள் நின்றிருந்தாலும், இந்த வலையில் சிக்கமாட்டார். நிறுவனத்துக்கு எழுதும்போது அந்தச் சுருக்கம் அவ்வளவு கெடுதல் செய்யாது. ஏனென்றால் அங்கே கடிதத்தைப் படிக்கும் சூளை மேலாளருக்கு, பட்டயமும் டைல்ஸ் ஆலையும் என்றதுமே மீதி புரியும், சந்தேகம் இருந்தால் நேர்காணலில் கேட்டுக்கொள்வார். முகவருக்கோ அந்தத் தொழிலறிவு இல்லை. அதை ஈடுசெய்ய வேண்டியது கடிதம்தான்.

இதை ஒரு எடுத்துக்காட்டைக் கொண்டு விரிவாகப் பார்ப்பது நல்லது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பப் பட்டயம் பெற்று, குஜராத் மாநிலம் மோர்பியில் ஒரு டைல்ஸ் ஆலையில் நான்கு ஆண்டுகளாகப் பணியாற்றும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டு மண் கலவை தயாரிக்கும் பிரிவில், பால் மில், ஸ்பிரே டிரையர் ஆகியவற்றில் இருந்தார். அடுத்த மூன்று ஆண்டுகள் சூளைப் பிரிவில் ஷிப்ட் சூப்பர்வைசர். இப்போது மாதச் சம்பளம் 32,000 ரூபாய். சூளைப் பொறுப்பாளர் பணிக்கு விளம்பரம் ஒன்று வருகிறது; விளம்பரம் தந்தது ஒரு கன்சல்டன்சி, நிறுவனத்தின் பெயர் இல்லை, தென்னிந்தியாவில் ஒரு முன்னணி டைல்ஸ் நிறுவனம் என்று மட்டும் இருக்கிறது. நிறுவனத்தின் பெயரை மறைப்பதற்குக் காரணம் எளிது: பெயர் தெரிந்தால் விண்ணப்பதாரர்கள் நேரடியாக எழுதிவிடுவார்கள், முகவருக்குக் கட்டணம் கிடைக்காது. இதைப் பித்தலாட்டம் என்று சிலர் கருதுவது சரியன்று, இது வணிகம்.

பரவலான அறிவுரைப்படி இந்த இளைஞர் எழுதும் கடிதம் எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை. (இத்தகைய கடிதங்கள் ஆங்கிலத்தில்தான் போகும், இங்கே அவற்றின் உள்ளடக்கம் தமிழில் தரப்படுகிறது.) மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு, தங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில் பணியாற்றப் பெரிதும் விரும்புகிறேன், நான் பீங்கான் தொழில்நுட்பம் படித்துள்ளேன், டைல்ஸ் துறையில் நான்கு ஆண்டு அனுபவம் உண்டு, கடின உழைப்பாளி, விரைவில் கற்றுக்கொள்பவன், வாய்ப்பளித்தால் நிறுவனத்தின் வளர்ச்சிக்கு உழைப்பேன், பயோடேட்டா இணைத்துள்ளேன், நன்றி. இதில் முதல் வாக்கியமே தவறான இடத்துக்குப் போகிறது, ஏனென்றால் புகழ்பெற்ற அந்த நிறுவனம் எது என்று எழுதியவருக்கே தெரியாது. கன்சல்டன்சியைப் புகழ்ந்ததாக எடுத்துக்கொண்டால், அந்த இளைஞர் கன்சல்டன்சியில் வேலை செய்ய விரும்புகிறார் என்று பொருள்படும். கடின உழைப்பாளி, விரைவில் கற்பவன் என்ற தொடர்களை முகவர் தம் குறிப்பில் எடுத்தெழுத முடியாது. எழுதினால் அவருடைய வாடிக்கையாளர் சிரிப்பார். எந்தப் பணிக்கு என்ற குறிப்பெண் இல்லை, சம்பளம் இல்லை, எப்போது வர முடியும் என்பது இல்லை. கிணற்றில் போட்ட கல்லாக அந்தக் கடிதம் கிடப்பதற்கு முகவரின் அலட்சியம் காரணம் அன்று.

அதே ஆள் முகவர் என்ற வாசகரை மனத்தில் கொண்டு எழுதினால், கடிதம் வேறு வடிவம் எடுக்கும். முதல் வரியில் விளம்பரத்தின் குறிப்பெண்ணும் பணியின் பெயரும் வரும். அடுத்து, தம் வேலையை நிறுவனக் குறிப்பின் மொழியில் சொல்வார்: மோர்பியில் 600-க்கு 1200 மில்லிமீட்டர் அளவுள்ள கிளேஸ்டு விட்ரிஃபைடு டைல்ஸ் செய்யும் ஆலையில், இயற்கை எரிவாயுவில் ஓடும் ரோலர் கில்னில் மூன்று ஆண்டுகள் ஷிப்ட் பொறுப்பு, அதற்கு முன் ஓராண்டு கலவைப் பிரிவு. எரிபொருளைக் குறிப்பிடுவது வீண் விவரம் அன்று. 2019-இல் மோர்பியில் நிலக்கரியிலிருந்து வாயு எடுக்கும் உலைகளை மூடும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு, அங்குள்ள ஆலைகள் இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டியிருந்தது. ஆகவே எந்த எரிபொருளில் சூளை ஓட்டினார் என்பது எந்தச் சூழலில் வேலை கற்றார் என்பதையும் காட்டுகிறது. சுடுபொருளின் வகையும் முக்கியம். விட்ரிஃபைடு டைல்ஸ் என்பது நீரை 0.5 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சாத அளவுக்குக் கெட்டியாகச் சுடப்படும் ஓடு. அதை ஏறத்தாழ 1,200 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று முன்னோ பின்னோ ஆகும் வேகமான சுழற்சியில் சுடுகிறார்கள். கழிவறைப் பீங்கான் சுடும் டனல் கில்னில் அதே சுழற்சி பல மணி நேரம் நீளும். இரண்டையும் சூளை அனுபவம் என்ற ஒரே சொல்லில் அடக்குபவர், தம் அனுபவத்தைத் தாமே அழித்துக்கொள்கிறார்.

பிறகு, தம் ஷிப்டில் எதைக் கட்டுப்படுத்தினார் என்பதை ஓரிரு வரிகளில் எழுதுவார்: விளிம்பு வளைவு, பின்ஹோல் எனப்படும் ஊசித்துளைக் குறை, ஒரே தொகுதிக்குள் நிறம் மாறுவது ஆகியவற்றைக் குறைக்க எந்தப் பகுதியின் வெப்பநிலையை மாற்றினார், விளைவு என்ன என்பது. இதில் ஒரு எச்சரிக்கை தேவை. ஆலைக்கே எழுதும் கடிதத்தில் வெப்பநிலை வளைகோட்டை விரிவாக எழுதலாம், மேலாளர் மகிழ்ச்சியோடு படிப்பார். முகவருக்கான கடிதத்தில் அது நீண்டால், புரியாத பகுதியைத் தாண்டிச்செல்வதே முகவரின் இயல்பான செயல். முகவர் அப்படியே பிரதியெடுக்கக்கூடிய ஒரு வாக்கியம் போதும், மீதியைப் பயோடேட்டாவில் வைக்கலாம்.

கடைசியில் வருவது, பரவலான அறிவுரை முற்றிலும் மறைக்கச் சொல்லும் பகுதி: தற்போதைய மாதச் சம்பளம் 32,000, எதிர்பார்ப்பது 40,000, வேலையிலிருந்து விலக முன்னறிவிப்புக் காலம் ஒரு மாதம், தமிழ்நாடு அல்லது ஆந்திரப் பிரதேசத்தில் பணியாற்ற விருப்பம், வார நாள்களில் மாலை ஆறு மணிக்குப் பின் பேசலாம். நிறுவனத்துக்கு எழுதும் முதல் கடிதத்தில் சம்பளத்தைப் பேசுவது அவ்வளவு நாகரிகமாக இருக்காது என்ற கருத்து சரிதான், அங்கே அது பேரத்துக்கு உரிய இரண்டாம் கட்டம். முகவருக்கு அது முதல் வடிகட்டி. அவருடைய வாடிக்கையாளர் மாதம் 35,000-க்கு மேல் தரத் தயாரில்லை என்றால், 45,000 கேட்பவரை அனுப்பி நேரத்தை வீணாக்க அவர் விரும்பமாட்டார். எண் எதுவும் தராதவரையும் அவர் அதே காரணத்துக்காகவே தள்ளிவைக்கிறார்.

இதற்கு ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு. சம்பளத்தை முன்கூட்டியே சொன்னால் பேரத்தில் கை தளர்ந்துவிடாதா, அதுவும் நிறுவனத்திடம் காசு வாங்கும் ஆளிடம் சொல்வது எதிரிக்கு இரகசியம் சொல்வது போலாகாதா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது, விடையோ கணக்கில் இருக்கிறது. மாதம் 40,000 என்றால் ஆண்டுச் சம்பளம் 4,80,000. முகவரின் கட்டணம் ஏறத்தாழ 40,000. நிறுவனம் 4,50,000-க்கு இறக்கினால் முகவரின் கட்டணம் 37,500 அளவில் நிற்கும். முகவருக்கு இழப்பு 2,500, விண்ணப்பதாரருக்கு ஆண்டுதோறும் 30,000. ஆகவே முகவர் சம்பளத்தைக் குறைக்க விரும்பும் எதிரியும் அல்லர், அதை உயர்த்தப் போராடும் நண்பரும் அல்லர். எந்தச் சம்பளத்திலாவது சீக்கிரம் பேசி முடிப்பதே அவருக்கு இலாபம். இந்த உண்மையைத் தெரிந்துகொண்டவர், உண்மையில் ஏற்றுக்கொள்ளக்கூடிய குறைந்தபட்சத்தைச் சொல்லாமல் எதிர்பார்ப்பையே எண்ணாகச் சொல்வார். தற்போதைய சம்பளத்தைப் பொய்யாகக் கூட்டியும் சொல்லமாட்டார், ஏனென்றால் சேரும்போது மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளைக் கேட்பது பல நிறுவனங்களில் வழக்கம். பேரம் பேசும் வேலையை முகவர் தமக்காகச் செய்வார் என்று எதிர்பார்ப்பதுதான் இதில் உள்ள உண்மையான ஆபத்து.

இனி, நாலு இடத்துக்கு அனுப்பினால் ஒன்று பலிக்கும் என்ற கருத்தை எடுத்துக்கொள்வோம். ஆலைகளுக்கு நேரே எழுதும்வரை அது பெரிய தீங்கு செய்யாது. முகவர்கள் நடுவே வந்ததும் அது விண்ணப்பதாரருக்கே எதிராகத் திரும்புகிறது. மேலே சொன்ன இளைஞர், அதே ஆலைதான் என்று தெரியாமலேயே அதற்கு மூன்றாம் தேதி நேரடியாக எழுதியிருக்கிறார் என்றும், ஐந்தாம் தேதி ஒரு கன்சல்டன்சி அவருடைய பயோடேட்டாவை அனுப்புகிறது என்றும், பத்தாம் தேதி இன்னொரு கன்சல்டன்சியும் அனுப்புகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு முகவர் முதலில் அறிமுகப்படுத்திய ஆளைக் குறிப்பிட்ட காலத்துக்குள் நிறுவனம் வேலைக்கு எடுத்தால் கட்டணம் அந்த முகவருக்கே என்ற விதி இந்த ஒப்பந்தங்களில் காணப்படும். அந்தக் காலம் ஆறு மாதமாகவோ ஓராண்டாகவோ இருக்கலாம். இப்போது மனிதவளப் பிரிவின் முன் ஒரே பெயர் மூன்று முறை நிற்கிறது. யாருக்குக் கட்டணம் என்ற தகராறில் இறங்குவதைவிட, அதே தகுதியுள்ள வேறொருவரைப் பார்ப்பது அவர்களுக்கு எளிது. விண்ணப்பதாரர் தகுதியின்மையால் தள்ளப்படவில்லை, தம் பெயரைச் சுற்றி ஒரு வழக்கை உருவாக்கிக்கொண்டதால் தள்ளப்பட்டார். இதை யாரும் அவரிடம் சொல்லப்போவதும் இல்லை.

இதற்கான மருந்து கடிதத்திலேயே இருக்க வேண்டும். என் பயோடேட்டாவை எந்த நிறுவனத்துக்கு அனுப்பும் முன்பும் நிறுவனத்தின் பெயரைச் சொல்லி என் சம்மதம் பெறுங்கள் என்ற ஒரு வாக்கியமும், ஏற்கெனவே நேரடியாக எழுதிய நிறுவனங்களின் பட்டியலும் முகவருக்குப் போக வேண்டும். சம்மதத்தை மின்னஞ்சலிலோ வாட்ஸப்பிலோ எழுத்தாகப் பெறுவது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. இந்த வாக்கியத்தைப் பார்த்து முகவர் கோபித்துக்கொள்வார் என்று அஞ்சுபவர்கள், நல்ல முகவர்களே சம்மதம் கேட்டு எழுதுவதை அறியாதவர்கள்.

அந்த வாக்கியத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. மோர்பியில் நூற்றுக்கணக்கான டைல்ஸ் ஆலைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒரு ஆலையின் போர்மேனுக்கு அடுத்த ஆலையின் மேலாளரைத் தெரியும். இப்போது வேலை செய்யும் ஆலையே அந்தக் கன்சல்டன்சியின் வாடிக்கையாளராக இருப்பதும் நடக்கும். தற்போதைய நிறுவனத்தின் பெயரையும் அதன் குழும நிறுவனங்களின் பெயர்களையும் எழுதி, அங்கே என் பெயர் போகக் கூடாது என்று தெளிவாகச் சொல்லாதவர், வேலை தேடுகிறார் என்ற செய்தியைத் தம் மேலாளருக்குத் தாமே அனுப்பிவைக்கும் நிலைமை வரலாம். ஆலைக்கு நேரே எழுதும் கடிதத்தில் இந்த வரிக்கு இடமே இல்லை. ஒரே கடிதத்தை இரண்டு இடங்களுக்கும் அனுப்பலாம் என்பவர்கள் இந்த ஒரு வரியை எங்கே வைப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டும்.

எஞ்சியிருப்பது, கன்சல்டன்சி என்றாலே பணம் பறிப்பு என்ற குற்றச்சாட்டு. இது முழுப் பொய் அன்று. பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டப்படும், உடனடி வேலை என்று கூவும் தாள்களுக்குப் பின்னால் பதிவுக் கட்டணம் கேட்கும் அலுவலகங்கள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் அவற்றை வைத்து எல்லாவற்றையும் எடைபோடுவது பிழை. உள்நாட்டு வேலையில் நிறுவனத்திடம் கட்டணம் பெறும் முகவருக்கு விண்ணப்பதாரரிடம் கேட்கத் தேவை இல்லை. அப்படியும் பதிவுக் கட்டணமோ நேர்காணல் கட்டணமோ கேட்கிறார் என்றால், அவருக்கு வாடிக்கையாளர் நிறுவனமே இல்லை என்பதற்கு அதுவே நல்ல அடையாளம். தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் தொழிலாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதே பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு 181-ஆம் உடன்படிக்கையின் பொதுவிதி.

வெளிநாட்டு வேலை வேறு. ஐக்கிய அரபு அமீரகத்தில் ராஸ் அல் கைமா போன்ற இடங்களில் பெரிய டைல்ஸ் ஆலைகள் இருக்கின்றன. பீங்கான் படித்தவர்கள் அங்கே போக விரும்புவது இயல்பு. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, இந்தியாவிலிருந்து வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் மத்திய அரசிடம் பதிவுசெய்திருக்க வேண்டும். வெளிநாட்டு நிறுவனமும் பதிவுபெற்ற முகவர் வழியாகவோ, உரிய அனுமதி பெற்றோதான் ஆள் எடுக்க முடியும். ஆகவே எப்போதும் நிறுவனத்துக்கு நேரே எழுது என்ற அறிவுரை இங்கே சட்டத்தோடேயே மோதக்கூடும். பத்தாம் வகுப்புத் தேறியவருக்குக் குடிபெயர்வு அனுமதி தேவையற்ற கடவுச்சீட்டு கிடைக்கும் என்பதால், பட்டயம் பெற்றவர் அந்த அனுமதிக்காக அலைய வேண்டியதில்லை. ஆனால் அதனால் முகவரின் பதிவு தேவையற்றதாகிவிடாது. பதிவுபெற்ற முகவர் வேலை தேடுபவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும் என்று விதிகளில் உச்சவரம்பு இருக்கிறது. முகவரின் பெயரை emigrate.gov.in தளத்தில் பார்த்துச் சரிபார்க்கலாம். தமிழ்நாடு அரசே 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் இந்தப் பணியைச் செய்கிறது. வெளிநாட்டு முகவருக்கு எழுதும் முதல் கடிதத்தில் அவருடைய பதிவெண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. கேட்டபின் வரும் மௌனமும் ஒரு பதில்தான்.

உள்நாட்டிலும் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது, அதைப் பலர் கேட்பதில்லை. ஆள் தேடித்தரும் கன்சல்டன்சி வேறு, ஆட்களைத் தம் சம்பளப் பட்டியலில் வைத்துக்கொண்டு ஆலைக்கு அனுப்பும் ஒப்பந்தக்காரர் வேறு. முன்னதில் சேர்ந்தால் ஆலையின் பணியாளர். பின்னதில் சேர்ந்தால் ஒப்பந்தத் தொழிலாளர், வருங்கால வைப்புநிதி முதல் பணிமூப்பு வரை எல்லாம் ஒப்பந்தக்காரரின் பெயரில். நெய்வேலி அனல்மின் நிலையங்களின் அருகில் வாழும் விருத்தாசலத்து மக்களுக்கு இந்த வேறுபாட்டின் கனத்தை விளக்க வேண்டியதில்லை. இருவரும் விளம்பரத்தில் ஒரே மொழியில் பேசுவதால், யாருடைய சம்பளப் பட்டியலில் பணி என்ற கேள்வியைக் கடிதத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

இவ்வளவு சொன்னபின், முகவர் வழியே எல்லாருக்கும் உகந்தது என்ற எதிர்க்கருத்துக்கும் இடம் கொடுக்கக் கூடாது. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையின் சிறு ஆலைகளுக்கு முகவர் தேவைப்படுவதில்லை. பொம்மையும் பீங்கான் இன்சுலேட்டரும் செய்யும் ஒரு உரிமையாளர் ஆளை எடுப்பது தெரிந்தவர் சொல்வதைக் கேட்டுத்தான், ஒரு மாதச் சம்பளத்தைக் கட்டணமாகக் கொடுத்து எடுக்கமாட்டார். அங்கே நேரில் போய்ப் பேசுவதே சரி. படிப்பு முடித்து அனுபவம் ஏதும் இல்லாதவருக்கும் முகவர் அவ்வளவு பயன்படமாட்டார், ஏனென்றால் புதியவருக்காகக் கட்டணம் கொடுக்க நிறுவனங்கள் பொதுவாக விரும்புவதில்லை. அவருக்குக் கல்லூரி வளாகத் தேர்வும் ஆலைக்கு நேரே எழுதுவதும்தான் வழி. இரண்டு மூன்று ஆண்டு அனுபவம் சேர்ந்த பிறகே முகவருக்கு எழுதும் கடிதத்துக்கு மதிப்பு வருகிறது. அதற்கு முன் முகவர்களுக்கு எழுதி ஏமாந்தவர்கள்தாம் பிற்காலத்தில் கன்சல்டன்சி எல்லாம் வீண் என்று சொல்லிவருகிறார்கள் என்று ஊகிக்க இடமுண்டு.

விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுக் கல்லூரியும், அதன் பழைய மாணவர்களும் இதில் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. விண்ணப்பக் கடிதம் எழுதக் கற்பிக்கும்போது ஒரே மாதிரிக்குப் பதிலாக இரண்டை எழுதவைக்க வேண்டும்: ஒன்று ஆலையின் சூளை மேலாளருக்கு, மற்றொன்று பீங்கானே தெரியாத ஒரு முகவருக்கு. இரண்டாவதை எழுதி முடித்ததும் பக்கத்து மாணவரிடம் கொடுத்து, அதிலிருந்து நிறுவனத்துக்கான ஐந்து வரிக் குறிப்பை எழுதச் சொல்லலாம். அந்த ஐந்து வரியில் சூளையின் வகையும் சம்பள எண்ணும் முன்னறிவிப்புக் காலமும் வராவிட்டால், கடிதத்தைத் திருப்பி எழுதச் சொல்ல வேண்டும்.